குளிர் இரவுகளும் பதரான கதிர்களும்: விவசாய உத்தியோகத்தருக்கு ஒரு கடிதத்தை எப்படி எழுதுவது?

மன்னார் பெருநிலப்பரப்பில் வயல் செய்யும் எனது சித்தப்பா, 2022ஆம் ஆண்டு பெரும்போகம் முடிந்த கையோடு ஒரு கடிதம் எழுதினார். கொப்பித் தாளில் நாலே நாலு வரி. 'மார்கழி மாதம் ஏற்பட்ட கடும் குளிரினால் எனது நெற்பயிர் முழுவதும் பதராகிவிட்டது. தயவுசெய்து உரிய நடவடிக்கை எடுக்கவும்' என்பதுதான் அதன் சாரம். கடிதத்தை வாங்கிய உத்தியோகத்தர் அதைத் தூக்கி எறியவில்லை. இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டிருக்கிறார். குளிர் எத்தனை பாகை? அன்றைக்குப் பயிருக்கு எத்தனை நாள்?

"நான் குளிரெண்டு எழுதினன், அவர் பாகை கேக்கிறார் மகன். நான் என்ன வெதர் ஒஃபிசே வைச்சிருக்கிறன்?" என்று சித்தப்பா என்னிடம் கோபப்பட்டார். அப்போது எனக்கும் கோபம்தான் வந்தது. விவசாயியை அலைக்கழிக்கும் வழமையான கேள்வி என்று நினைத்தேன். பிறகு நெற்பயிரையும் குளிரையும் பற்றி வாசித்து, வயலில் நின்று கதிர்களை எண்ணிப் பார்த்தபோதுதான், அந்த இரண்டு கேள்விகளையும் விட்டால் குளிர்ச் சேதத்தை நிரூபிக்க வேறு வழியில்லை என்பது புரிந்தது. அவர் கேட்டது சரி. கேட்ட காலம்தான் பிழை. அறுவடை முடிந்த பிறகு அந்தக் கேள்விகளுக்குப் பதில் தேட முடியாது.

அந்த மார்கழியை வடக்குக் கிழக்கில் யாரும் எளிதில் மறக்கமாட்டார்கள். மாண்டஸ் புயல் 2022 டிசம்பர் 9ஆம் திகதி இரவு தமிழ்நாட்டின் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அது வங்காள விரிகுடாவில் எங்கள் கரையோரமாக நகர்ந்த நாட்களில் மழையும் காற்றும் குளிரும் ஒன்றாக வந்தன. மாடுகளும் ஆடுகளும் நூற்றுக்கணக்கில் செத்து விழுந்தன. முதலில் நோயா, நஞ்சா என்று எல்லோரும் பயந்தார்கள். இறைச்சியை வெளியிடங்களுக்குக் கொண்டுபோகத் தடை போடப்பட்டது. கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனைகளுக்குப் பின்னரே குளிர் அதிர்ச்சிதான் காரணம் என்று அறிவிக்கப்பட்டது. செத்த மாடு கண்ணுக்குத் தெரியும், அதைப் பரிசோதிக்கவும் முடியும். நெல் அப்படியல்ல. அந்த இரவில் அது பச்சைப் பசேலென்று நின்றது. சேதம் தெரியவந்தது கதிர் வெளியே வந்து, மணி பிடிக்காமல் நிமிர்ந்தபடி நின்ற பிறகுதான். அதற்குள் ஊர் குளிரை மறந்துவிட்டது.

குளிர்ச் சேதம் பற்றிய கடிதத்தின் முழுச் சிக்கலும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. ஆகவே முதலில் நெற்பயிருக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

நெற்பயிர் தன் வாழ்நாளில் குளிருக்கு மிகவும் அஞ்சும் காலம் ஒன்று உண்டு. அது நாற்றாக நிற்கும் காலமும் அல்ல, கதிர் முற்றும் காலமும் அல்ல. குடலைப் பருவத்தில், பூப்பதற்கு ஏறத்தாழ 10 முதல் 12 நாட்களுக்கு முன், கதிர் இன்னும் தண்டுக்குள்ளேயே இருக்கும்போது மகரந்தம் உருவாகத் தொடங்குகிறது. அந்தச் சில நாட்களில் இரவு வெப்பநிலை நீண்ட நேரம் தாழ்ந்து நின்றால் மகரந்தம் சரியாக வளராது. பூ பூக்கும், ஆனால் கருக்கட்டாது. உமி இருக்கும், உள்ளே அரிசி இருக்காது. எங்களூரில் இதைப் பதர் என்றும் சப்பி என்றும் சொல்வார்கள். குளிர்நாட்டு நெல் இனங்கள் 15 பாகை செல்சியஸ் அளவுவரை ஓரளவு தாக்குப்பிடிக்கும். எங்களுடையவை போன்ற வெப்பவலய இனங்களுக்கு, தொடர்ந்து சில இரவுகள் 20 பாகைக்குக் கீழே போனாலே ஆபத்து தொடங்கிவிடுகிறது. மன்னார்க் கரையோரத்தில் மார்கழி, தை மாதங்களிலும் இரவுகள் வழமையாக 20 பாகைக்கு மேலேதான் நிற்கும் என்பதால் எங்கள் கமக்காரர்கள் குளிரைப் பற்றி யோசிப்பதேயில்லை. நுவரெலியாவில் உருளைக்கிழங்குக்கு உறைபனி விழுவதைச் செய்தியில் பார்த்துவிட்டு, அது மலைநாட்டுப் பிரச்சினை என்று நினைத்துக்கொள்கிறோம். நெல் சேதமாக உறைபனி தேவையில்லை. நாங்கள் போர்வை எடுத்துப் போர்த்தும் அளவுக் குளிர், பிழையான நாளில் வந்தால் போதும்.

எது பிழையான நாள்? அதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம். மூன்றரை மாத இனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம், பி.ஜி. 352 போன்றது. விதைப்பிலிருந்து அறுவடைக்கு ஏறத்தாழ 105 நாள். பூத்ததிலிருந்து அறுவடைக்கு 30 நாள். ஆகவே பூப்பது விதைத்து 75ஆம் நாளளவில். அதிலிருந்து 10 முதல் 12 நாளைக் கழித்தால் 63ஆம் நாளிலிருந்து 65ஆம் நாள் வரை. ஒக்ரோபர் 5ஆம் திகதி விதைத்த வயல் டிசம்பர் 19ஆம் திகதியளவில் பூக்கும். அதன் பயங்கர நாட்கள் டிசம்பர் 7, 8, 9. மாண்டஸ் புயல் வந்த அதே நாட்கள். ஒக்ரோபர் 25ஆம் திகதி விதைத்த பக்கத்து வயலுக்கு அந்த நாட்களில் வயது 45 நாள்தான். அதே குளிர், அதே காற்று, அதே மழை. ஆனால் அந்த வயல் பெரும்பாலும் தப்பிவிடும்.

உத்தியோகத்தர் கேட்ட இரண்டாவது கேள்வியின் பொருள் இதுதான். விதைத்த திகதி இல்லாத குளிர்க் கடிதத்துக்குப் பெறுமதி இல்லை. குளிர்ந்த இரவின் திகதியையும் விதைத்த திகதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சேதம் குளிரினாலா இல்லையா என்று எவராலும் சொல்ல முடியும். இந்தக் கணக்கு ஓரிரு நாள் முன்பின்னாகலாம், உண்மைதான். விதைப்பா நாற்றுநடவா, நீர் எப்போது கிடைத்தது என்பவையெல்லாம் அதை மாற்றும். அதனால் கதிர் வெளிவரத் தொடங்கிய திகதியையும் கொப்பியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து பின்னோக்கி எண்ணுவதுதான் இன்னும் நம்பகமானது.

இனி முதல் கேள்விக்கு வருவோம். எத்தனை பாகை?

வளிமண்டலவியல் திணைக்களத்தின் மன்னார் நிலையம் தீவில், கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நெல் விளைவதோ பாலத்துக்கு இந்தப் பக்கம், பெருநிலப்பரப்பில்: நானாட்டான், முருங்கன், உயிலங்குளம், அடம்பன் பக்கம், கட்டுக்கரைக் குளத்தின் வாய்க்கால்கள் போகும் இடங்களில். பகலில் வாங்கிய வெப்பத்தைக் கடல் இரவில் மெதுவாகவே விடும். ஆகவே கரையோரத்தில் இரவு அதிகம் குளிராது. உள்ளே போகப் போக, முகில் இல்லாத காற்றில்லாத இரவுகளில் தரை விரைவாகக் குளிரும். தீவில் பதியப்பட்ட எண்ணை மட்டும் வைத்து உங்கள் வயலின் இரவைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் அந்த எண்ணும் தேவை. ஏனென்றால் அது அரசாங்கத்தின் எண், ஒழுங்கான கருவியில் எடுத்தது. உங்கள் எண்ணும் அந்த எண்ணும் ஒரே நாளில் சேர்ந்து இறங்கியிருந்தால் உங்கள் வெப்பமானியை யாரும் சந்தேகிக்க முடியாது. நிலையத்தின் பதிவு கிடைக்காவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் குறிப்பிட்ட திகதிகளுக்கான ஆகக் குறைந்த வெப்பநிலையைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். 'குளிர் பற்றிய தகவல்' என்று பொதுவாகக் கேட்காமல், நிலையத்தின் பெயரையும் திகதிகளையும் எழுதிக் கேளுங்கள்.

உங்கள் வயலில் அளக்க, ஆகக் கூடிய வெப்பநிலையையும் ஆகக் குறைந்த வெப்பநிலையையும் தானே காட்டி நிற்கும் வெப்பமானி ஒன்று வேண்டும. யூ வடிவக் குழாய் உள்ளதும் கிடைக்கிறது, பற்றரியில் வேலை செய்வதும் கிடைக்கிறது. விலை கூடியதுதான் நல்லது என்றில்லை. எங்கே தொங்கவிடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சித்தப்பா முதலில் அதை வாடியின் தகரக் கூரைக்குக் கீழே மாட்டினார். தெளிந்த இரவில் தகரம் வானத்துக்கு வெப்பத்தை விட்டுக் காற்றைவிடக் கூடுதலாகக் குளிர்ந்துவிடும், பகலில் கொதிக்கும். அடுத்த முறை வீட்டுச் சுவரில் மாட்டினார். சுவர் பகல் வெயிலை இரவு முழுக்க வைத்திருக்கும், ஆகவே எண் கூடிவிடும். மரத்துக்குக் கீழேயும் அப்படித்தான், கிளைகள் குளிரை மறைத்துவிடும்.

சரியான முறை இது. வரம்பில் ஒரு கம்பை நட்டு, தரையிலிருந்து ஏறத்தாழ நாலரை அடி உயரத்தில் வெப்பமானியை மாட்ட வேண்டும். வெயிலும் மழையும் நேரே படாமல், காற்று நான்கு பக்கமும் போய்வரக்கூடியதாக, வெள்ளைப் பூச்சுப் பூசிய, இடைவெளி விட்ட பலகைப் பெட்டிக்குள் அது இருக்க வேண்டும். வளிமண்டலவியல் நிலையங்களில் உள்ள வெள்ளைப் பெட்டியும் இதே யோசனைதான். நீங்கள் விரும்பினால் இரண்டாவது வெப்பமானியைக் கதிர் இருக்கும் உயரத்தில் வைக்கலாம், தெளிந்த இரவுகளில் அது இன்னும் குறைவாகக் காட்டும். ஆனால் இரண்டு எண்களையும் கலக்காதீர்கள். கடிதத்தில் எந்த உயரத்தில் எடுத்த எண் என்று எழுதாவிட்டால், நிலையத்தின் எண்ணோடு அதை ஒப்பிட முடியாது.

ஒவ்வொரு நாளும் காலை எட்டரை மணிக்குப் பார்த்து எழுதுங்கள். இலங்கையின் வானிலை நிலையங்களிலும் அந்த நேரம்தான் வாசிப்பு எடுக்கப்படுகிறது. எழுதிய உடனே குறிகாட்டியை மீளமைத்துவிட வேண்டும். இதை மறந்தால், செவ்வாய் இரவின் எண்ணே புதன், வியாழன் என்று ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு கொப்பியில் மூன்று நான்கு நாட்களுக்கு அச்சொட்டாக ஒரே எண் இருந்தால் அனுபவமுள்ள உத்தியோகத்தர் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். இன்னொன்று, வெப்பமானி சரியாகக் காட்டுகிறதா என்பது. ஐஸ் கட்டியை நொறுக்கி ஒரு கோப்பையில் நிரப்பி, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, உணரும் முனையை அதில் பத்து நிமிடம் வையுங்கள். பூச்சியம் காட்ட வேண்டும். சித்தப்பாவின் வெப்பமானி ஒரு பாகை கூடக் காட்டியது. அதைத் தூக்கிப் போடத் தேவையில்லை. 'ஐஸ் நீரில் +1 காட்டியது' என்று கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, வாசித்த எண்ணை வாசித்தபடியே பதிய வேண்டும். கழித்து எழுதினீர்களா கழிக்காமல் எழுதினீர்களா என்ற குழப்பம் பின்னர் வரக்கூடாது.

எண்ணோடு சேர்த்து அந்த இரவு எப்படிப்பட்டது என்று இரண்டு சொல்லாவது எழுதுங்கள். எங்கள் பக்கத்தில் குளிர் இரண்டு வகையாக வருகிறது. ஒன்று, தை, மாசியில் முகிலில்லாத, காற்றடங்கிய இரவுகள். விடியப் பனி கொட்டும், பகலில் நல்ல வெயில் எறிக்கும். அப்போது குளிர்ந்த காற்று பள்ளத்துக்குள் இறங்கி நிற்பதால், தாழ்ந்த வயல்களில் சேதம் கூடுதலாக இருக்கும். மற்றது, மாண்டஸ் போன்ற புயல் காலக் குளிர். காற்றும் மழையும் இருக்கும், பகலும் ஏறாது, மேடு பள்ளம் என்ற வித்தியாசம் பெரிதாக இருக்காது. நெல்லுக்கு இரண்டாவது வகை மோசமானது, ஏனென்றால் பகலில் மீண்டுகொள்ள அதற்கு வெயில் கிடைப்பதில்லை. ஆகவே பகலின் ஆகக் கூடிய வெப்பநிலையையும் எழுதுங்கள். ஒரேயொரு இரவு 19 பாகைக்கு இறங்கியது என்பதை மட்டும் வைத்து வயல் பதராகியது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது.

பதர் வருவதற்குக் குளிர் மட்டும் காரணமல்ல என்பதையும் கடிதம் எழுதுபவர் தெரிந்திருக்க வேண்டும். உத்தியோகத்தர் வயலுக்கு வந்தால் முதலில் தேடுவது மற்றக் காரணங்களைத்தான். தண்டு துளைப்பான் தாக்கிய கதிர் முழுவதும் வெளுத்து நிற்கும், பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். எரிபந்த நோய் கழுத்தில் பிடித்திருந்தால் கதிரின் அடிக்கணுவில் கபிலமாகவோ கறுப்பாகவோ ஒரு வளையம் இருக்கும். நெல் மூட்டுப்பூச்சி பால் உறிஞ்சிய மணியில் சிறு புள்ளி தெரியும். குளிரில் பதரான கதிரில் இவை எதுவும் இருக்காது. தண்டு உறுதியாக இருக்கும், இழுத்தால் வராது, இலை பச்சையாக இருக்கும், மணிகள் மட்டும் வெறுமையாக இருக்கும். கதிரின் அடிப்பகுதி சில வேளை முழுதாக வெளியே வராமல் இலையுறைக்குள்ளேயே நிற்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு, புயல் காலத்தில் இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். குளிர்ந்த அதே நாட்களில் பூத்துக்கொண்டிருந்த வயலிலும் பதர் வரும். நெற்பூ காலை வெயிலில்தான் விரியும், அந்த நேரத்தில் விடாமல் மழை அடித்தால் மகரந்தம் சேராது. அது மழைச் சேதம். செப்ரெம்பர் கடைசியில் விதைத்தவரும் ஒக்ரோபர் முதல் வாரத்தில் விதைத்தவரும் ஒரே பதரைக் கையில் வைத்திருந்தாலும், காரணம் ஒன்றல்ல. அவரவர் திகதியோடு தனித்தனியே எழுத வேண்டும். ஒரே கடிதத்தில் இருபது பேர் கையெழுத்து வைத்துக் கொடுப்பது எங்களூர் வழமை. கூட்டமாகப் போனால்தான் காது கொடுப்பார்கள் என்பது போர்க்காலம் எங்களுக்குப் பழக்கிய பாடம். ஆனால் இந்த விடயத்தில் அது கேட்டைத்தான் தரும்.

இனிக் கடிதம். ஒன்றல்ல, இரண்டு எழுத வேண்டும் என்பது எனது துணிபு. குளிர்ந்த இரவுகள் முடிந்து ஓரிரு நாளில் முதலாவது. அதில் சேதம் என்று ஒன்றும் சொல்லத் தேவையில்லை. இன்ன திகதிகளில் இத்தனை பாகை பதிவானது, எனது பயிர் அப்போது இத்தனை நாள், குடலைப் பருவத்தில் இருந்தது, கதிர் வந்த பின் நிலைமையை அறிவிப்பேன் என்பது மட்டும் போதும். இந்தச் சிறு கடிதம் உங்கள் கொப்பி பின்னர் இருந்து எழுதப்பட்டது அல்ல என்பதற்குச் சாட்சி. இரண்டாவது கடிதம், பூத்து இரண்டு கிழமை கழித்து, எண்ணிக்கையோடு.

எண்ணுவது இப்படி. வயலில் வரம்போரத்தை விட்டு உள்ளே மூன்று இடங்களைத் தெரிந்து, ஒவ்வொரு இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வரும் பத்துக் கதிர்களை எடுங்கள். நல்ல கதிர், கெட்ட கதிர் என்று பொறுக்கக்கூடாது. மணி பிடித்ததையும் பிடிக்காததையும் விரலால் நசுக்கிப் பார்த்துத் தனித்தனியே எண்ணுங்கள். பிந்தி விதைத்த அயல் வயலில், அது இரண்டு கிழமை கழித்து அதே பருவத்துக்கு வரும்போது, அதேபோல் எண்ணுங்கள். நல்ல வயலிலும் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பதர் இருக்கும். அந்த ஒப்பீடு இல்லாவிட்டால் உங்கள் எண் தனியே நின்று ஒன்றையும் சொல்லாது.

சித்தப்பாவும் நானும் உட்கார்ந்து எழுதிப் பார்த்த கடிதத்தின் வடிவம் கீழே உள்ளது. எண்கள் முறையைக் காட்டுவதற்காக நாங்கள் போட்ட உதாரண எண்கள். 2022இல் அளந்தவை அல்ல.

விவசாயப் போதனாசிரியர் அவர்கட்கு,

ஐயா,

பெரும்போக நெற்பயிரில் குளிரினால் ஏற்பட்ட சேதத்தைப் பார்வையிடக் கோரல்

நான் மேற்படி கமநல சேவை நிலையப் பிரிவில் 2 ஏக்கர் வயல் செய்கிறேன். வயற்காணி இடாப்பில் எனது வயலின் விபரம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. பி.ஜி. 352 இன நெல்லை ஒக்ரோபர் 5ஆம் திகதி விதைத்தேன். கதிர் டிசம்பர் 18ஆம் திகதி வெளிவரத் தொடங்கியது.

எனது வயல் வரம்பில், தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், மூடிய பெட்டியில் வைத்த வெப்பமானியில் தினமும் காலை 8.30க்கு எடுத்த ஆகக் குறைந்த வெப்பநிலை: டிசம்பர் 6இல் 21.5, 7இல் 19.5, 8இல் 18.0, 9இல் 18.5, 10இல் 19.0, 11இல் 21.5 பாகை செல்சியஸ். வெப்பமானி ஐஸ் நீரில் 1 பாகை கூடக் காட்டியது, மேற்படி எண்கள் திருத்தப்படாதவை. 8, 9ஆம் திகதிகளில் பகலிலும் 23 பாகைக்கு மேல் ஏறவில்லை. தொடர்ந்து காற்றும் மழையும் இருந்தன. அந்நாட்களில் பயிரின் வயது 63 முதல் 66 நாள், குடலைப் பருவம். வயலில் நீர் ஏறத்தாழ 2 அங்குலம் நின்றது. டிசம்பர் 12ஆம் திகதிய எனது கடிதத்தில் இவற்றை அறிவித்துள்ளேன்.

ஜனவரி 2ஆம் திகதி மூன்று இடங்களில் எடுத்த 30 கதிர்களில் 3,120 மணிகளில் 1,404 பதர். அதாவது நூற்றுக்கு 45. அயலில் ஒக்ரோபர் 25ஆம் திகதி விதைத்த அதே இன வயலில், ஜனவரி 20ஆம் திகதி அதே முறையில் எண்ணிய 3,000 மணிகளில் 450 பதர், நூற்றுக்கு 15. எனது கதிர்களில் தண்டு துளைப்பான், எரிபந்த நோய் அறிகுறிகள் காணப்படவில்லை.

அறுவடை செய்ய முன்னர் தாங்கள் வயலைப் பார்வையிட்டு, தங்கள் அவதானிப்பை எழுத்தில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வெப்பநிலைக் கொப்பியின் பிரதியும் படங்களும் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
உண்மையுள்ள

கடைசிப் பந்தியில் நட்டஈடு என்ற சொல் இல்லாததைச் சித்தப்பா உடனே கவனித்தார். "காசு கேக்காம என்னத்துக்கு மகன் கடிதம்?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் போதனாசிரியர் காசு கொடுப்பவர் அல்ல. நட்டஈட்டு விடயத்தைப் பார்ப்பது விவசாய மற்றும் கமநலக் காப்புறுதிச் சபை. பசளை மானியத்தோடு இணைந்து வந்த இலவசக் காப்புறுதி வரட்சி, வெள்ளம், காட்டு யானை ஆகியவற்றை மையமாக வைத்துக் கொண்டுவரப்பட்டது. குளிர் அந்த வரிசையில் இல்லை. பணம் கட்டி எடுத்த காப்புறுதியானால், அதன் பத்திரத்தில் எந்தெந்த அனர்த்தங்கள் எழுதப்பட்டுள்ளன என்று முதலில் பார்க்க வேண்டும். இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. குளிருக்குக் காசு இல்லை என்று கேள்விப்பட்டு, சேதத்தை வெள்ளம் என்று மாற்றி எழுதச் சொல்லிக் கொடுப்பவர்கள் உண்டு. வயலில் நீர் நின்ற அடையாளம் இல்லாமல் வெள்ளம் என்று எழுதினால் அந்த விண்ணப்பமும் போகும், அடுத்த போகத்தில் உண்மையாக வெள்ளம் வந்தாலும் உங்கள் பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள். புயலோடு வந்த மழையினால் வயல் உண்மையிலேயே மூழ்கியிருந்தால் அதை வேறாக, வேறு திகதிகளோடு எழுதுங்கள்.

போதனாசிரியரிடம் கேட்க வேண்டியது எழுத்திலான அவதானிப்பு. அது கையிலிருந்தால் காப்புறுதிக்கும் காட்டலாம், வங்கியில் பயிர்க்கடன் தவணையைப் பின்போடக் கேட்கும்போதும் காட்டலாம், பிரதேச செயலகத்துக்கும் பிரதி கொடுக்கலாம். கடிதத்தின் பிரதி ஒன்றில் திகதி முத்திரையோடு 'கிடைத்தது' என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் அதைச் செய்யத் தயங்கினால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளலாம்.

காணி விடயத்தில் எங்களவர்கள் பலருக்கு இன்னுமொரு தடை உண்டு. 1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும், பின்னர் மடுவுக்கும் வன்னிக்கும் இந்தியாவுக்கும் ஓடிய தமிழ்க் குடும்பங்களும் உறுதிகளையும் கொப்பிகளையும் தொலைத்துவிட்டுத்தான் திரும்பி வந்தார்கள். உறுதி இல்லை என்பதற்காகச் சேதக் கடிதம் எழுதாமல் விட வேண்டாம். அந்தப் போகத்தில் அந்த வயலை நீங்கள்தான் செய்தீர்கள் என்பதற்குக் கமநல சேவை நிலையத்தின் பதிவும், பசளை எடுத்த சீட்டும், கமக்காரர் அமைப்பின் நீர்வரிப் பற்றுச்சீட்டும் போதிய ஆதாரங்கள். குத்தகைக்குச் செய்பவர்கள் காணிச் சொந்தக்காரரின் பெயரையும் எழுதிவிடுங்கள், பிறகு இரண்டு பேர் ஒரே வயலுக்கு எழுதிய சிக்கல் வராது.

வெப்பமானியால் ஆகக்கூடிய பயன், கடிதத்துக்கு முன்னரே கிடைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். யப்பானின் ஹொக்கைடோவிலும் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலும் நெல் செய்பவர்கள், குடலைப் பருவத்தில் குளிர் வரும் என்று தெரிந்தால் வயலில் 20 சென்றிமீற்றர் அளவுக்கு, ஏறத்தாழ எட்டு அங்குலம், நீரை ஏற்றுவார்கள். இரவில் நீர் காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கும். தண்டுக்குள் இருக்கும் இளங்கதிர் அந்த உயரத்துக்குள் அமிழ்ந்திருந்தால் தப்பும். எங்களுக்கு இதில் வில்லங்கம் உண்டு. அத்தனை உயரத்துக்கு நீரைப் பிடிக்க எங்கள் வரம்புகள் பெரும்பாலும் போதாது, அதோடு கட்டுக்கரைக் குளத்திலிருந்து மடை திறப்பது ஒருவரின் முடிவுமல்ல. ஆனால் அருவியாற்று நீர் தேக்கத்தால் திரும்பிக் குளம் நிரம்பியிருக்கும் மார்கழியில், இரண்டு அங்குலத்தை ஐந்தாக்குவது முடியாத காரியமல்ல. வாய்க்கால் நீர் சூரியன் படாமல் ஓடி வருவதால், அதை மாலைக்கு முன்னரே கட்டிவிட வேண்டும். புயல் எச்சரிக்கை வந்த நாளில் யூரியா எறிவதையும் நிறுத்தி வையுங்கள். தழைச்சத்து கூடிய பயிரில் குளிர்ப்பதர் அதிகரிக்கும்.

மிளகாய் செய்பவர்களுக்கும் ஒரு சொல். குளிர் இரவுகளுக்குப் பின் பூ உதிரும், அல்லது சின்னஞ்சிறு காய்கள் பிடிக்கும். அந்தக் காயைப் பிளந்து விதைகளை எண்ணுங்கள். விதை இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருந்தால் மகரந்தம் கெட்டிருக்கிறது என்று பொருள். உங்கள் கடிதத்தில் பதருக்குப் பதிலாக அந்த எண்ணிக்கை வரும், மற்றதெல்லாம் அதே முறைதான்.

சித்தப்பாவின் பெட்டி இப்போது மேற்கு வரம்பில் நிற்கிறது. பழைய மீன் பெட்டிப் பலகையில் செய்து வெள்ளைச் சுண்ணாம்பு பூசியது. காகம் ஒன்று அதன் மேல் குந்துவதுதான் அவருக்கு இப்போதைய கவலை. போன கிழமை தொலைபேசியில் கதைத்தபோது, சுகம் விசாரிக்க முதலே எண்ணைத்தான் சொன்னார். "இருவத்திமூண்டரை மகன். எழுதியாச்சு, மீளமைச்சாச்சு."